மாங்கூழ் கணக்கில் உண்டு, களி கிண்டுவது கணக்கில் இல்லை

கலைப் பிரிவு மாணவர்களுக்குத் தேசிய வருமானப் பாடம் எடுக்கும்போது நான் சூத்திரத்தில் தொடங்குவதில்லை. கிருஷ்ணகிரி மாங்கூழில் தொடங்குவேன். வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் மாந்தோப்பு இருக்கும், இல்லாவிட்டால் சீசனில் கூழ் ஆலைக்கு வேலைக்குப் போகும் அக்காவோ அத்தையோ இருப்பார்கள்.

ஒரு டன் பெங்களூரா காயை எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க முழு எண்களாக வைக்கிறேன். உண்மை விலை வருடத்துக்கு வருடம் ஏறி இறங்கும். விவசாயி உரம், மருந்துக்கு 2,000 ரூபாய் செலவழித்து, காயை ஆலைக்கு 10,000 ரூபாய்க்குக் கொடுக்கிறார். ஆலை டின், மின்சாரம் எல்லாம் சேர்த்து 5,000 ரூபாய்க்கு வாங்கி, கூழை ஏற்றுமதியாளருக்கு 25,000 ரூபாய்க்கு விற்கிறது. அவர் வண்டி வாடகை 2,000 கொடுத்து வெளிநாட்டுக்கு 30,000 ரூபாய்க்கு அனுப்புகிறார்.

நாட்டின் உற்பத்தி இதில் எவ்வளவு கூடியது? 10,000, 25,000, 30,000 மூன்றையும் கூட்டி 65,000 என்று எழுதுகிறவர்கள் நிறைய. அப்படிக் கூட்டினால் அதே மாங்காய் மூன்று முறை எண்ணப்படுகிறது. ஒவ்வொருவரும் தாம் வாங்கியதற்கு மேல் எவ்வளவு மதிப்பைக் கூட்டினார் என்பதை மட்டும் பார்க்க வேண்டும். விவசாயி 8,000. ஆலை, 25,000-இல் 15,000 போக, 10,000. ஏற்றுமதியாளர் 3,000. உரம், டின், மின்சாரம், வண்டி ஆகியவற்றைக் கொடுத்தவர்களின் பங்கு 9,000. கூட்டினால் 30,000. கடைசி விலையும் அதே 30,000 தான். இந்த இரண்டும் ஒத்துவராவிட்டால் எங்கோ இரட்டைக் கணக்கு நுழைந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

இதையே வருமானமாகவும் பார்க்கலாம். ஆலை கூட்டிய 10,000-இல் கூலி 3,500, இட வாடகை 500, கடனுக்கு வட்டி 1,500, லாபம் 3,000 என்று வைத்தால், மீதி 1,500 யார் கைக்கும் போவதில்லை. பாய்லரும் இயந்திரமும் தேய்ந்ததற்கான தேய்மானம் அது. தேய்மானத்தைக் கழிக்காவிட்டால் மொத்த உற்பத்தி, கழித்தால் நிகர உற்பத்தி. விவசாயியின் 8,000-ஐ இப்படிப் பிரிக்க முடியாது. அவர் உழைப்பு, அவர் நிலம், அவர் பணம் எல்லாம் ஒன்றாகக் கிடக்கிறது. அதனால்தான் கணக்கில் அதைக் கலப்பு வருமானம் என்று தனியாக வைக்கிறார்கள்.

செலவுப் பக்கத்தில் மொத்த உள்நாட்டு உற்பத்திக்கு நுகர்வு, முதலீடு, அரசுச் செலவு, நிகர ஏற்றுமதி என்று நான்கு பெட்டி: GDP = C + I + G + (X − M). நம் கூழ் X-இல் விழும். உரம் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தால் அதன் மதிப்பு M-இல் கழியும்.

உள்நாட்டு உற்பத்தி என்பதற்கும் நாட்டு உற்பத்தி என்பதற்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கேயே பார்த்துவிடலாம். முதலாவது எல்லைக்குள் நடந்த உற்பத்தி, யார் செய்தாலும் சரி. வெளிநாட்டிலிருந்து நம்மவர்களுக்கு வரும் கூலி, வட்டி, லாபம் போன்ற காரணி வருமானத்தைக் கூட்டி, இங்கிருந்து வெளியார் எடுத்துப்போவதைக் கழித்தால் இரண்டாவது. மாவட்ட அளவில் இது இன்னும் கண்ணுக்குத் தெரியும். ஓசூர் ஆலைகளின் உற்பத்தி முழுவதும் கிருஷ்ணகிரி மாவட்டக் கணக்கில் சேர்கிறது. லாபம் எந்த ஊர் முதலாளிக்குப் போனாலும் அதில் மாற்றமில்லை. அந்தத் தொகையை மக்கள்தொகையால் வகுத்து வரும் தலா வருமானத்தை வைத்து அதே மாவட்டத்தின் தளி மலைக் கிராமத்து வீட்டைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

அப்புறம், "சார், எங்க பெரியப்பா ரோட்டோர நிலத்தை ஐம்பது லட்சத்துக்கு வித்தாரே, அதுவும் சேருமா?" என்ற கேள்வி எப்படியும் வரும். சேராது. நிலம் கை மாறியதே தவிரப் புதிதாக எதுவும் உற்பத்தியாகவில்லை. தரகர் வாங்கிய கமிஷன் மட்டும் சேரும், அது இந்த வருடம் செய்த சேவை.

இனி கணக்கின் எல்லைக்கு வருவோம். ஒரு குடும்பம் தன் காட்டில் விளைந்த கேழ்வரகை விற்காமல் வீட்டுக்கே வைத்துக்கொள்கிறது. அதற்கும் ஒரு மதிப்பு போட்டு உற்பத்தியில் சேர்க்கிறார்கள். சொந்த வீட்டில் குடியிருந்தால்கூட வாடகை கொடுத்ததாக வைத்து ஒரு தொகை சேர்கிறது. ஆனால் அதே கேழ்வரகு மாவில், அடுப்பில் நின்று களி கிண்டிப் போடும் அம்மாவின் வேலைக்கு மதிப்பு பூஜ்யம். அதே அம்மா ஓர் உணவகத்தில் களி கிண்டினால் கூலி உடனே கணக்கில் ஏறிவிடும். வீட்டுக்காகச் செய்யும் பண்டம் எல்லைக்குள், சொந்த வீட்டு வாடகை தவிர மற்றச் சேவை எல்லைக்கு வெளியே என்பது உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட விதி. வீட்டு வேலைக்குச் சந்தை விலை இல்லை, அளவும் மிகப் பெரியது, சேர்த்தால் மற்ற எண்கள் குழம்பும் என்று காரணம் சொல்கிறார்கள். காரணம் புரிகிறது. ஆனாலும் விடுபடுவது சின்ன விஷயமல்ல. 2019-இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்களுக்கு 97 நிமிடம்.

2023-இல் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்ப முகாம் தருமபுரி மாவட்டம் தொப்பூரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. பெண்களின் ஊதியமற்ற உழைப்பை மதிக்கும் திட்டம் என்று அரசு சொன்னது. ஆனால் தேசிய வருமானக் கணக்கில் அந்த 1,000 ரூபாய் உழைப்புக்கான ஊதியம் அல்ல, மாற்றுச் செலுத்துதல். முதியோர் உதவித்தொகை மாதிரி, உற்பத்தியில் சேராது. அதைக் கொண்டு அந்த அம்மா எண்ணெய் வாங்கினால் அந்த எண்ணெய் நுகர்வில் சேரும். கிண்டிய களி அப்போதும் வெளியேதான் நிற்கும்.

நலனை அளக்க இந்த எண் போதாது என்பதைத் தண்ணீரை வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். கிருஷ்ணகிரி, தருமபுரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் பாறையிலிருந்து ஃப்ளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைதான் நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிய தண்ணீரைச் சிறுவயதில் குடித்தால் பல்லில் பழுப்புக் கறை படியலாம், அளவு இன்னும் கூடிய தண்ணீரைப் பல வருடம் குடித்தால் மூட்டும் முதுகும் இறுகலாம். இப்போது கணக்கைப் பாருங்கள். கிணறு வற்றி ஆழமாக போர் போட்டால் முதலீடு கூடுகிறது. கேன் தண்ணீர் வாங்கினால் நுகர்வு கூடுகிறது. மூட்டு வலிக்கு மாத்திரை வாங்கினால் அதுவும் நுகர்வு. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் கட்டியதும் முதலீடுதான், அது நல்ல முதலீடு. கெட்டுப்போன தண்ணீருக்காகவோ வளைந்த முதுகுக்காகவோ எந்த இடத்திலும் ஒரு ரூபாய்கூடக் கழிவதில்லை. பாய்லருக்குத் தேய்மானம் உண்டு, எலும்புக்கு இல்லை.

இந்த எண்ணை வைத்து மக்கள் நலனை முடிவு செய்ய முடியாது என்று 1934-இலேயே அமெரிக்க செனட்டுக்குக் கொடுத்த அறிக்கையில் சைமன் குஸ்நெட்ஸ் எழுதினார். அந்த நாட்டின் தேசிய வருமானத்தைக் கணக்கிட்டுக் கொடுத்தவரே அவர்தான். 1990-இல் மஹ்பூப் உல் ஹக், அமர்த்தியா சென் போன்றவர்களின் முயற்சியில் வந்த மனித மேம்பாட்டுக் குறியீடு ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் பார்க்கிறது. தேர்வில் "நலனை அளக்கச் சரியான அளவு" என்று இதை எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் அதில் உடல்நலத்துக்கு வைத்திருப்பது பிறப்பின்போது எதிர்பார்க்கும் ஆயுள் மட்டும். ஃப்ளோரைடு பெரும்பாலும் ஆளைக் கொல்வதில்லை, முடக்கிப் போடுகிறது. எழுபது வயதுவரை வாழ்ந்து, கடைசி இருபது வருடம் குனிந்து நாற்று நட முடியாமல் போனவர் அந்தக் குறியீட்டில் எழுபது வருடம் நன்றாக வாழ்ந்தவர்தான். அவரைக் கணக்கில் கொண்டுவர, ஊர்க் கிணறுகளின் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையையும் பள்ளிப் பிள்ளைகளின் பல் பரிசோதனைப் பதிவையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.