களி உருண்டையைத் தேங்காய் ஆக்காதீங்க

இந்த மாதமும் அதே பஞ்சாயத்து. தர்மபுரியில் ஒரு மெஸ், களியும் கறிக்குழம்பும் பார்சல் என்று ரீல்ஸ் போட்டது. வீடியோவில் உருண்டை தேங்காய் அளவு, கிண்ணம் நிறையக் கறி. வாங்கியவர் வீட்டில் டப்பாவைத் திறந்து படம் எடுத்து கமெண்டில் போட்டுவிட்டார். "களியும் கறியும் எங்களுதுதானே, இதுல என்ன ஏமாத்து?" என்கிறார் கடைக்காரர்.

இதைத்தான் எத்தனை முறை சொல்வது? பொருள் நிஜம், அளவு பொய். போனை அரைச் சாண் தூரத்தில் நீட்டினால் முன்னால் இருப்பது ஊதித் தெரியும், பின்னால் உள்ள கிண்ணம் சுருங்கும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தரத்தைப் பற்றி மட்டுமல்ல, அளவைப் பற்றித் தவறாக நினைக்கவைக்கும் விளம்பரத்தையும் கணக்கில் எடுக்கிறது. "எல்லாரும் செய்றாங்க" என்பதெல்லாம் அங்கே செல்லாது.

இரண்டடி தள்ளி நின்று 2x வைத்து எடுங்கள். உருவத்தைச் சரியாக்குவது 2x இல்லை, அந்த இரண்டடி தூரம்தான். களியைக் கிள்ளும் கை ஒன்று சட்டகத்தில் இருக்கட்டும். பார்ப்பவருக்கு அளவு தானே புரியும்.

அடுத்தது கறி. குழம்புக்கு அடியில் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் துண்டுகளை அடுக்கும் வித்தையை விட்டுவிடுங்கள். பார்சலுக்கு நாலு துண்டு என்றால் நாலே வையுங்கள். முதலில் கால் கிண்ணம் குழம்பு ஊற்றித் துண்டுகளை நிறுத்துங்கள். மிச்சக் குழம்பை வீடியோ ஓடும்போதே ஊற்றுங்கள். துண்டு மூழ்கும். மூழ்கட்டும், நாலையும் பார்த்துவிட்டார்கள் இல்லையா?

களி ஏன் சாம்பல் நிறமாக வருகிறது என்று கேட்காத ஆள் இல்லை. கறுப்பான பொருள் நடுவில் இருந்தால் போன் தானாக வெளிச்சத்தைக் கூட்டிவிடும். உருண்டைமேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டுங்கள். பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுத்தால் கேழ்வரகின் நிறம் திரும்பிவிடும். டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஜன்னலோரம் வாருங்கள்; வீடியோவில் ஓடும் பட்டைக் கோடுகளும் போகும்.

ஆவிக்கு ஊதுபத்தியா? வேண்டாமே, தயவுசெய்து. ஜன்னல், தட்டுக்குப் பின்பக்கம் கொஞ்சம் ஓரமாகவும், ஆவிக்கு நேர் பின்னால் இருட்டாகவும் இருந்தால் நிஜ ஆவியே நன்றாகத் தெரியும். ஆனால் இறக்கிய சில நிமிடங்களில் எடுத்துவிட வேண்டும். ஆறினால் மேலே ஏடு கட்டிவிடும். எண்ணெய் தடவிப் பளபளப்பாக்காமல், சமையல்காரர் வழக்கமாகச் செய்வதுபோல ஈரக்கையால் ஒருமுறை உருட்டினால் போதும்.

கடைசி மூன்று நொடி, பார்சல் டப்பாவைத் திறந்து காட்டுங்கள். நாளைக்கு நாலு துண்டு மூன்றானால், அன்றைக்கே பழைய வீடியோவை எடுத்துவிடுங்கள்.