தாவு அட்டவணை: ஒரு சொல்லும் அதன் வேலையும்

அசெம்ப்ளியில் 'ஜம்ப் டேபிள்' என்று ஒன்றைச் சொல்வார்கள். சிலர் 'பிராஞ்ச் டேபிள்' என்பார்கள், 'டிஸ்பாட்ச் டேபிள்' என்பவர்களும் உண்டு. பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். கையில் ஒரு எண் இருக்கிறது. அந்த எண்ணுக்கு உரிய இடத்துக்கு நிரல் நேரே போக வேண்டும். "இதுவா? இல்லை. இதுவா? இல்லை" என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போகக் கூடாது.

யோசனை பழையது. 1957-இல் ஐபிஎம் 704-க்கு வந்த ஃபோர்ட்ரானிலேயே `GO TO (30, 45, 50), I` என்று எழுத முடிந்தது. I-யின் மதிப்பு 2 என்றால் 45 என்ற எண்ணிட்ட வரிக்குப் போகும். சி மொழியின் `switch`-ஐயும், அதன் மதிப்புகள் நெருக்கமாக இருந்தால், கம்பைலர் பெரும்பாலும் இப்படி ஒரு அட்டவணையாகவே மாற்றிவிடும்.

தமிழில் எப்படிச் சொல்வது? குதி, பாய், தாவு மூன்றுமே 'ஜம்ப்'புக்கு வரும். குதிப்பவர் பெரும்பாலும் கீழே குதிக்கிறார், அல்லது நின்ற இடத்திலேயே எம்பிக் குதிக்கிறார். குரங்கு கிளைக்குக் கிளை தாவுகிறது: ஓரிடத்தை விட்டு இன்னோரிடத்தைப் பிடிக்கிறது, நடுவில் உள்ளதைத் தொடுவதில்லை. கட்டளைகளுக்கு இடையே புராசசர் செய்வதும் இதுவே. ஆகவே 'தாவு'தான் பொருத்தம். 'தாவல் அட்டவணை' என்று எழுதலாம்தான், ஆனால் 'தாவல்' என்பது பிரவுசரின் டேபுக்கும் புழங்கிவிட்டது. படிப்பவர் ஒரு கணம் தடுமாறுவார். 'தாவு அட்டவணை' என்றால் அந்தக் குழப்பம் இல்லை. சுடுகாடு, ஊறுகாய் போல வினைத்தொகையாக நிற்கும்.

'பட்டியல்' எனக்கு ஒப்பவில்லை. பட்டியலை மேலிருந்து கீழே படிப்போம். அட்டவணையில் நமக்கு வேண்டிய இடத்தில் நேராகப் போய்க் கண் வைப்போம், ரயில் கால அட்டவணை மாதிரி. மேலிருந்து படிப்பதைத் தவிர்க்கத்தானே இந்த ஏற்பாடே.

சரி, இதை நம் கல்லூரிகளில் பலரும் முதலில் தொட்ட இன்டெல் 8051-இல் பார்ப்போம். சீரியல் போர்ட்டில் ஒரு எழுத்து வருகிறது. A முதல் E வரை ஐந்து கட்டளைகள். எழுத்து ஏற்கெனவே A ரெஜிஸ்டரில் இருக்கிறது.

```
DISPATCH: CLR  C
          SUBB A,#'A'
          CJNE A,#5,CHK
CHK:      JNC  ERR
          RL   A
          MOV  DPTR,#TABLE
          JMP  @A+DPTR
TABLE:    AJMP CMD_A
          AJMP CMD_B
          AJMP CMD_C
          AJMP CMD_D
          AJMP CMD_E
```

'D' வந்தது என்று வைப்போம். அதன் ஆஸ்கி எண் 44h. 'A'-வின் 41h-ஐக் கழித்தால் 3. `AJMP` ஒவ்வொன்றும் 2 பைட் என்பதால் `RL A` அதை இரட்டிப்பாக்கி 6 ஆக்குகிறது. `TABLE` 0150h-இல் இருந்தால், தாவல் 0156h-க்கு. அங்கே இருப்பது `AJMP CMD_D`. கவனியுங்கள், இங்கே அட்டவணையில் இருப்பவை முகவரிகள் அல்ல, தாவும் கட்டளைகளே. புராசசர் அட்டவணையைப் படிப்பதில்லை, அதற்குள்ளேயே போய் நின்று அங்கிருந்து மறுபடி தாவுகிறது. வேறு பல புராசசர்களில் அட்டவணையில் வெறும் முகவரிகள் இருக்கும், அவற்றை எடுத்துத் தாவ வேண்டும். 'தாவு அட்டவணை' என்ற பெயர் இரண்டுக்கும் பொருந்துகிறது.

நடுவில் உள்ள `CJNE`, தன் பெயருக்கு உரிய வேலையை இங்கே செய்யவில்லை. சமமோ இல்லையோ, போகும் இடம் அடுத்த வரிதான். நமக்கு வேண்டியது அது விட்டுச்செல்லும் கேரி பிட். A-யில் இருப்பது 5-ஐ விடச் சிறியது என்றால் கேரி 1. இல்லையென்றால் 0, அப்போது `ERR`. இந்த ஒரே சோதனை இரு பக்கமும் காவல் நிற்கிறது. '3' வந்தால் 33h-இலிருந்து 41h-ஐக் கழிக்கும்போது எண் சுற்றிக்கொண்டு F2h ஆகிறது. அதுவும் 5-ஐ விடப் பெரியதுதானே, தனியாக ஒரு கீழ் எல்லைச் சோதனை தேவையில்லை.

இந்தக் காவலை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் ஒரு முழு மாலை செலவழித்துக் கற்றுக்கொண்டேன். A முதல் E வரை எதை அழுத்தினாலும் கட்டளை சரியாக ஓடியது. எண்டர் தட்டினால் மட்டும் போர்டு தொங்கிவிடும். எண்டர் அனுப்புவது 0Dh. 41h-ஐக் கழித்தால் CCh. `RL` அதைச் சுற்றி 99h ஆக்கும். 0150h-உடன் கூட்டினால் 01E9h, அட்டவணையைத் தாண்டி எங்கோ, வேறு ஒரு கட்டளையின் நடுவில்கூட இருக்கலாம். 8051 இதைப் பிழை என்று நிறுத்தாது, கிடைத்த பைட்டைக் கட்டளையாக எடுத்து ஓடிக்கொண்டே இருக்கும். இப்படிச் சந்தேகம் வந்தால் சிமுலேட்டரில் `JMP @A+DPTR` வரியில் நிறுத்தி A-யைப் பாருங்கள். இந்த ஐந்து கட்டளைகளுக்கு அது இரட்டை எண்ணாகவும் 8-க்கு மிகாமலும் இருக்க வேண்டும்.

வேகத்துக்காகத்தான் இதைச் செய்கிறோம் என்று சொல்வது பாதிதான் சரி. 20 கட்டளைகளை `CJNE`, `AJMP` என்று சங்கிலியாக எழுதினால், முதல் கட்டளை 4 மெஷின் சைக்கிளிலேயே கிடைத்துவிடும், கடைசிக் கட்டளைக்கு 42 ஆகும். அட்டவணை வழியில் எதற்கானாலும் 13. அதாவது முதலில் நிற்கும் கட்டளைக்குச் சங்கிலியே வேகம். 12 மெகாஹெர்ட்ஸில் ஒரு சைக்கிள் 1 மைக்ரோசெகண்ட், 9600 பாட் வேகத்தில் ஒரு எழுத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஆயிரத்துக்குச் சற்று மேலான மைக்ரோசெகண்ட். 42 ஆனால்தான் என்ன, 13 ஆனால்தான் என்ன? உண்மையான லாபம் இடத்தில்: சங்கிலிக்குக் கட்டளைக்கு 5 பைட் வீதம் 100 பைட், அட்டவணைக்கு 40-உம் முன்னால் உள்ள 13-உம் சேர்த்து 53. 8051-இன் உள் ரோம் மொத்தமே 4 கேபி. அப்புறம், புதுக் கட்டளை ஒன்றை முனையில் சேர்க்க ஒரு வரியும் அந்த 5-ஐ மாற்றுவதும் போதும். அந்த 5-ஐ மாற்ற மறப்பதுதான் அடுத்த பொதுவான பிழை. கட்டளையை எழுதி, அட்டவணையிலும் போட்டிருப்போம், ஆனால் 'F' அழுத்தினால் `ERR`-க்கே போய்க்கொண்டிருக்கும்.

ஒன்று மறக்க வேண்டாம், இது தாவல், அழைப்பு அல்ல. திரும்பும் முகவரி எதுவும் ஸ்டேக்கில் ஏறுவதில்லை. 8051-இல் மறைமுக அழைப்புக் கட்டளையும் இல்லை. அதனால் முதன்மை நிரலிலிருந்து `LCALL DISPATCH` என்று அழைத்துவிட்டால், `CMD_D`-யின் கடைசியில் உள்ள `RET` நேரே முதன்மை நிரலுக்குத் திரும்பும். `ERR`-உம் அப்படியே `RET`-இல் முடிய வேண்டும்.

`AJMP` ஒரே 2 கேபி பக்கத்துக்குள்தான் தாவும். வெளியே போனால் அசெம்ப்ளரே பிழை சொல்லிவிடும், அப்போது `LJMP` போட்டு, இரண்டால் அல்ல, மூன்றால் பெருக்க வேண்டும். எழுத்துகள் சிதறிக் கிடந்தால், உதாரணமாக G, P, கேள்விக்குறி மூன்று மட்டும்தான் என்றால், நடுவில் உள்ள ஓட்டைகளையெல்லாம் `AJMP ERR` கொண்டு நிரப்ப வேண்டியிருக்கும். 3Fh-இலிருந்து 50h வரை 18 இடங்களில் 15 வீண். மூன்று கட்டளைக்கு இதெல்லாம் வேண்டாம். மூன்று `CJNE` எழுதிவிட்டுப் போகலாம்.