வீவாப்பைவிட மலிவாக வாங்கினோம் என்றால் என்ன அர்த்தம்?

ஓர் அறக்கட்டளையின் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். மாதத்தில் ஒரு நாள், ஏற்கெனவே முடிவு செய்த பங்குகளை நாள் முழுக்கப் பகுதி பகுதியாக வாங்கச் சொல்லி புரோக்கரிடம் ஆர்டர் கொடுக்கிறார்கள். மாலையில் வரும் அறிக்கையில் “இன்றைய வீவாப்பைவிட 12 பைசா குறைவாக வாங்கியிருக்கிறோம்” என்பது போல ஒரு வரி இருக்கும். அதை வைத்து, புரோக்கர் நன்றாக வாங்கித் தருகிறார் என்று நம்பலாமா?

அந்த ஒரு வரியை மட்டும் வைத்து நம்ப முடியாது. ஆனால் அந்த வரிக்குப் பின்னால் இருக்கும் தரவைக் கேட்டு வாங்கினால், நம்பலாமா வேண்டாமா என்று நன்றாகவே கண்டுபிடித்துவிடலாம்.

வீவாப் என்பது ஒரு பங்கில் அன்று சந்தையில் நடந்த எல்லா வர்த்தகங்களின் சராசரி விலை. பெரிய வர்த்தகத்துக்கு அதிக எடை, சின்னதுக்குக் குறைந்த எடை. ஒவ்வொரு வர்த்தகத்தின் விலையையும் எண்ணிக்கையையும் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்:

```
VWAP = Σ(P × Q) / ΣQ
```

இது நமக்குப் பழக்கமானதுதான். 3 மணிமுதல் 3.30 வரை நடந்த வர்த்தகங்களை இப்படிச் சராசரி எடுத்துத்தான் என்.எஸ்.இ. பல காலமாகப் பங்குகளின் இறுதி விலையை அறிவித்துவந்திருக்கிறது. வாங்கியவரின் விலையை இதோடு ஒப்பிடும் யோசனையை 1988இல் பெர்கோவிட்ஸ், லோக், நோசர் என்ற மூவர் நியூயார்க் பங்குச் சந்தைத் தரவை வைத்து எழுதிய ஆய்வுக் கட்டுரை பரவலாக்கியது.

ஒரு நாளைக் கற்பனையாக எடுத்துப் பார்ப்போம். ஒரு பங்கு முதல் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 500 ரூபாய்க்கு 3 லட்சம் கைமாறுகிறது. அப்புறம் மதியம்வரை 504 ரூபாய்க்கு ஒன்றரை லட்சம். பிற்பகலில் 506க்கு ஒன்றரை லட்சம். கடைசி ஒரு மணி நேரத்தில் 502க்கு 4 லட்சம். காலையும் மாலையும் கூட்டம், நடுவில் மந்தம். பெரும்பாலான பங்குகளின் நாள் இப்படித்தான் போகும். மொத்தம் 10 லட்சம் பங்குகள், வீவாப் 502 ரூபாய் 30 பைசா.

அறக்கட்டளைக்கு 10,000 பங்கு வேண்டும். புரோக்கர் அதை நான்கு சம பாகமாக்கி, ஒவ்வொரு பகுதியிலும் 2,500 வாங்குகிறார். ஒவ்வொரு முறையும் அந்தந்தப் பகுதியின் சராசரியைவிட 10 பைசா அதிகம் கொடுக்கிறார்: 500.10, 504.10, 506.10, 502.10. இவற்றின் சராசரி 503 ரூபாய் 10 பைசா. வீவாப்பைவிட 80 பைசா அதிகம்.

புரோக்கர் சொதப்பிவிட்டாரா? அந்த 80 பைசாவை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு பகுதியிலும் கூடுதலாகக் கொடுத்தது 10 பைசாதான். வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையே எப்போதும் ஓர் இடைவெளி இருக்கும். காத்திருக்காமல் உடனே வாங்கினால் அதைக் கொடுத்தாக வேண்டும். மீதி 70 பைசா, வாங்கும் அட்டவணையின் வடிவத்தால் வந்தது. சந்தையில் மதிய நேரத்தின் எடை 30 சதவீதம்தான். அறக்கட்டளையின் அட்டவணையில் அதுவே 50 சதவீதம். அன்று மதியம் விலை ஏறியிருந்ததால் நஷ்டம். மதியம் விலை இறங்கியிருந்தால் இதே புரோக்கர், இதே திறமையோடு வாங்கி, வீவாப்பைவிட 60 பைசா மலிவு என்று அறிக்கை அனுப்பியிருப்பார்.

ஆக, 10 பைசா என்பது வாங்கும் முறையின் விலை, தினமும் வரும். 70 பைசா என்பது அன்றைய விலை எந்தப் பக்கம் போனது என்பதன் விளைவு. ஒரு நாள் கூட்டும், ஒரு நாள் கழிக்கும். இந்த இரண்டாவது பகுதிதான் ஒற்றை வரி அறிக்கையைப் பயனற்றதாக்குகிறது. நாளுக்கு நாள் அது 70 பைசா அளவில் ஊசலாடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பல நாள் சராசரி எடுத்தால் ஊசல் நாட்களின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறையும். 49 நாள் பார்த்தால் 10 பைசாவாகும்; 196 நாள் பார்த்தால் 5 பைசாவாகும். 10 பைசா செலவு உண்மையானதுதானா என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல ஏறக்குறைய 200 அளவீடுகள் வேண்டும். மாதம் ஒரு முறை வாங்கும் அறக்கட்டளைக்கு அது 16 ஆண்டுக்கு மேல்!

அதற்குப் பதிலாக, ஒவ்வொரு துண்டையும் அது வாங்கப்பட்ட நேரத்தின் வீவாப்போடு மட்டும் ஒப்பிட்டால், அந்த 70 பைசா ஊசல் கணக்கிலேயே வராது. 10 பைசா சீக்கிரமே தெரிந்துவிடும். அதனால்தான் 11 மணிமுதல் 1 மணிவரை ஓடிய ஆர்டரை, திரையில் தெரியும் முழு நாள் சராசரியோடு ஒப்பிடும் பழக்கம் எனக்குச் சரியாகப் படவில்லை.

ராகு காலத்தில் ஆர்டர் போடக் கூடாது என்று இருப்பவர்கள் நம்மிடையே நிறைய. செவ்வாய்க்கிழமை ராகு காலம் 3 மணிமுதல் 4.30வரை. சந்தையின் கூட்டமான கடைசி அரை மணி நேரம் அதற்குள்தான் வருகிறது. வாங்குவதற்கும் விற்பதற்கும் ஆள் அதிகம் இருக்கும் நேரத்தை விட்டுவிட்டு, மந்தமான நேரத்தில் பெரிய ஆர்டரைத் திணித்தால் செலவுதான் கூடும். இந்த நம்பிக்கை நீடிப்பதற்குக் காரணம் மேலே சொன்ன ஊசல்தான். நல்ல நேரம் பார்த்து வாங்கிய அன்று 70 பைசா லாபம் வந்தால் அது மனதில் நிற்கிறது. அறக்கட்டளைப் பணத்தை அப்படி நடத்தக் கூடாது என்று உறுதியாக நினைக்கிறேன்.

இனி, இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வீவாப்பில் சந்தையின் எல்லா வர்த்தகங்களும் சேரும் என்றேன். அதில் நீங்கள் வாங்கியதும் சேர்ந்திருக்கிறது. வகுப்பில் ஒரே ஒரு மாணவன் இருந்தால் வகுப்புச் சராசரி அவன் மதிப்பெண்தான். எவ்வளவு மோசமாக எழுதினாலும் சராசரிக்குக் கீழே போக மாட்டான். ஒரு பங்கின் அன்றைய வர்த்தகம் முழுவதையும் நீங்களே வாங்கினால் உங்கள் விலைதான் வீவாப். விலையை 500இலிருந்து 600க்குத் தள்ளியிருந்தாலும் அறிக்கை “வீவாப்புக்குச் சமம், வித்தியாசம் பூஜ்யம்” என்றே சொல்லும்.

இதை ஒரு வரியில் எழுதலாம். உங்கள் சராசரி M, உங்களைத் தவிர்த்த மற்றவர்களின் சராசரி O, மொத்த வீவாப் V, மொத்த வர்த்தகத்தில் நீங்கள் வாங்கிய விகிதம் p என்றால்:

```
V = pM + (1 − p)O
M − V = (1 − p)(M − O)
```

முதல் வரி வீவாப்பின் வரையறை. அதை M-இலிருந்து கழித்தால் இரண்டாவது வரி வந்துவிடுகிறது. உங்கள் விகிதம் 1 சதவீதம் என்றால் அறிக்கை காட்டும் வித்தியாசம் உண்மை வித்தியாசத்தில் 99 சதவீதம், கவலையில்லை. 60 சதவீதம் என்றால் அறிக்கையில் தெரிவது 40 சதவீதம்தான்.

சரி, மற்றவர்களின் சராசரியோடு மட்டும் ஒப்பிட்டால் போதுமா? போதாது. ஆர்டர் புத்தகத்தில் நடப்பதைப் பாருங்கள். விற்பவர்கள் 500.05க்கு 400 பங்கு, 500.10க்கு 900, 500.20க்கு 1,500 வைத்துக் காத்திருக்கிறார்கள். கிடைக்கிற விலைக்கு உடனே வாங்கு என்று நீங்கள் 2,500 பங்குக்கு மார்க்கெட் ஆர்டர் போடுகிறீர்கள். முதல் இரண்டு வரிசையும் காலி. மூன்றாவதில் 1,200 போய்விட்டது. உங்கள் சராசரி 500.14. அடுத்து வாங்க வருபவருக்குக் குறைந்த விலையே 500.20, அதிலும் 300 பங்குதான் மிச்சம். புதிய விற்பனையாளர்கள் உடனே வந்து காலியிடத்தை நிரப்பினால் விலை பழைய இடத்துக்குத் திரும்பும். நீங்கள் விடாமல் வாங்கிக்கொண்டே இருந்தால் திரும்பாது. பின்னால் வருகிற எல்லோரும் நீங்கள் ஏற்றிவிட்ட விலையைத்தான் கொடுக்கிறார்கள். ஆக, மற்றவர்களின் சராசரியிலும் உங்கள் கை இருக்கிறது.

பெரிய ஆர்டர் ஒன்றைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 லட்சம் வர்த்தகத்தில் 6 லட்சம் உங்களுடையது. ஆர்டர் கொடுத்த நிமிடத்தில் விலை 500. நாள் முழுக்க வாங்கி முடித்தபோது உங்கள் சராசரி 505, மற்றவர்களின் சராசரி 504. வீவாப் 504.60. வீவாப்போடு ஒப்பிட்டால் பங்குக்கு 40 பைசா, மொத்தம் 2 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் கூடுதல் செலவு. மற்றவர்களோடு ஒப்பிட்டால் பங்குக்கு 1 ரூபாய். ஆர்டர் கொடுத்த நேர விலையோடு ஒப்பிட்டால் 5 ரூபாய், மொத்தம் 30 லட்சம். அந்த 5 ரூபாயும் உங்களால் வந்தது என்று சொல்ல முடியாது. அன்று சந்தையே ஏறியிருக்கலாம். அதே துறைப் பங்குகள் எவ்வளவு ஏறின என்று பார்த்துக் கழிக்க வேண்டும். ஆனால் 2.4 லட்சம் என்று மட்டும் எழுதிவிட்டு மீதியைப் பேசாமல் விடுவது நியாயமில்லை.

ஆர்டர் கொடுத்த நேர விலையிலிருந்து அளக்கும் இந்த முறையை ஹார்வர்டு பேராசிரியர் ஆந்த்ரே பெரோல்ட், அதே 1988இல் முறைப்படி எழுதினார். வாங்காமல் போன பங்குகளையும் அவர் கணக்கில் சேர்த்தார். முதல் உதாரணத்தில் புரோக்கர் 501 ரூபாய்க்கு மேல் கொடுக்க மாட்டேன் என்று லிமிட் ஆர்டர் வைத்து, முதல் பகுதியில் 2,500 பங்கை 499.90க்கு வாங்கினார், அப்புறம் விலை ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அறிக்கை “வீவாப்பைவிட 2 ரூபாய் 40 பைசா மலிவு” என்று சொல்லும். மீதி 7,500 பங்கை மறுநாள் 509க்கு வாங்கினால், 10,000 பங்கின் சராசரி 506 ரூபாய் 73 பைசா ஆகிவிடும். வாங்கியதை மட்டும் அளந்தால் இது எங்கேயும் தெரியாது.

அந்த வாசகருக்கு நான் சொல்வது இதுதான். புரோக்கரிடம் ஒவ்வொரு துண்டும் வாங்கப்பட்ட நேரம், எண்ணிக்கை, விலை மூன்றையும் கேளுங்கள். ஆர்டர் கொடுத்த நிமிடத்தின் விலை, வாங்காமல் விட்டது எவ்வளவு என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். உங்கள் ஆர்டர் அந்தப் பங்கின் அன்றைய வர்த்தகத்தில் 1 சதவீதத்துக்குக் கீழே, சொன்ன அளவு முழுதும் வாங்கியாகிவிட்டது என்றால், அந்தந்த நேரத்து வீவாப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பதே போதும். 10 சதவீதத்தைத் தாண்டினால், ஆர்டர் கொடுத்த நேர விலை இல்லாத அறிக்கையை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.