ஆபீஸ் ஆல்-இன்-ஒன்னில் கேம் ஓடுமா? பதில் ரேம் ஸ்லாட்டில் இருக்கிறது

அக்கா மகன் ரிச்சி தெருவில் ஒரு ஆல்-இன்-ஒன் பார்த்துவிட்டு அங்கிருந்தே போன் செய்தான். "மாமா, 24 இஞ்ச் ஸ்கிரீன், ஐ5, 8 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ்னு சொல்றாங்க. கேமுக்குச் சரியா இருக்கும்ல?"

ஏதோ ஒரு கம்பெனியில் நான்கைந்து வருடம் எக்செல் பார்த்துவிட்டு, மொத்தமாகக் கழித்து விடப்பட்டு, துடைத்துப் புது விண்டோஸ் போட்டு விற்பனைக்கு வந்த பெட்டி. உள்ளே இருந்தது ஐ5-6500 ப்ராசஸர், 2015-இல் வந்தது. இந்த வகைப் பெட்டியில் அந்த "4 ஜிபி கிராபிக்ஸ்" என்பது பெரும்பாலும் கிராபிக்ஸ் மெமரியே இல்லை.

தனி கிராபிக்ஸ் கார்டு என்றால் அதன் மேலேயே அதற்கென்று மெமரி சிப்புகள் ஒட்டியிருக்கும். ஆபீஸ் மெஷினில் கார்டு கிடையாது. ப்ராசஸருக்குள்ளேயே ஒரு மூலையில் கிராபிக்ஸ் பகுதி உட்கார்ந்திருக்கிறது. ஐ5-6500-இல் அதன் பெயர் எச்டி 530. அதற்குச் சொந்த மெமரி இல்லாததால் மெஷினின் ரேமிலிருந்தே கடன் வாங்குகிறது. விண்டோஸ் தேவைப்பட்டால் ரேமில் பாதி வரை எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதிக்கும். 8 ஜிபி ரேமில் பாதி 4 ஜிபி. கடைக்காரர் காட்டியது அந்த எண்ணைத்தான். அவர் பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன், திரையில் அப்படித்தான் எழுதியிருக்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து GPU பக்கத்துக்குப் போனால் `Shared GPU memory` என்று இருப்பது இந்தக் கடன் கணக்கு. டிஸ்ப்ளே அடாப்டர் ப்ராப்பர்ட்டீஸில் `Dedicated Video Memory` என்ற வரிதான் சொந்தச் சொத்து. அங்கே 128 MB போலச் சின்ன எண் இருந்தால் தனி கிராபிக்ஸ் இல்லை என்று முடிவு கட்டலாம். சில ஆபீஸ் மாடல்களில் மதர்போர்டிலேயே ஒரு ரேடியான் சிப்பைப் பற்றவைத்திருப்பார்கள்; அப்போது அந்த வரியில் 2048 MB போன்ற எண் வரும். கிடைத்தால் விடாதீர்கள், ஆனால் அபூர்வம்.

சரி, கடன் வாங்கிய மெமரி என்றால் என்ன குறை? 4 ஜிபி என்பது 4 ஜிபிதானே என்று தோன்றும். குறை அளவில் இல்லை, வழியில் இருக்கிறது.

கேம் ஓடும்போது கிராபிக்ஸ் பகுதி ஒவ்வொரு பிரேமுக்கும் சுவர், தரை, முகம் என்று எல்லாவற்றின் மேலும் ஒட்டும் படங்களான டெக்ஸ்சர்களை மெமரியிலிருந்து இழுக்க வேண்டும். எது முன்னால், எது பின்னால் என்ற ஆழக் கணக்கை எழுதி, திரும்ப வாசிக்க வேண்டும். வரைந்ததையே மறுபடி எடுத்து அதன் மேல் வெளிச்சமும் புகையும் பூச வேண்டும். விநாடிக்கு 60 பிரேம் வேண்டுமானால் இத்தனையும் 16.7 மில்லிவிநாடிக்குள் முடிய வேண்டும். அதற்குள் எவ்வளவு டேட்டாவை அள்ள முடியும் என்பதே கேள்வி.

கணக்கு எளிது. DDR4-2133 ரேம் ஸ்டிக் ஒன்று விநாடிக்கு 213.3 கோடி தடவை, தடவைக்கு 8 பைட் கொடுக்கும். அதாவது விநாடிக்கு சுமார் 17 ஜிபி. அதை 60-ஆல் வகுத்தால் ஒரு பிரேமுக்கு 284 எம்பி. இதிலும் கிராபிக்ஸுக்கு முழுப் பங்கு கிடையாது, ப்ராசஸரும் அதே வழியில்தான் தன் வேலைக்கு வந்து போகிறது. ஒப்பிட ஒன்று சொல்கிறேன்: 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 என்ற அடிமட்ட கேமிங் கார்டின் மெமரி விநாடிக்கு 112 ஜிபி கொடுக்கும். ஒரு பிரேமுக்கு ஏறக்குறைய 1.9 ஜிபி. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம் ஆபீஸ் பெட்டி குழாயடியில் ஒரே குடத்தோடு வரிசையில் நிற்கிறது.

இங்கேதான் ரிஃபர்பிஷ்டு சந்தையின் வழக்கம் ஒன்று குறுக்கே வருகிறது. பெரும்பாலான ஆல்-இன்-ஒன்களில் லேப்டாப்பில் போடும் சிறிய ரேம் ஸ்டிக்குக்கு இரண்டு ஸ்லாட் இருக்கும். ப்ராசஸருக்கும் இரண்டு சேனல், ஒவ்வொன்றும் தனி வழி. ஆனால் விற்பவர் 8 ஜிபி ஸ்டிக் ஒன்றை மட்டும் போட்டு விற்பார். எக்செலுக்கும் டேலிக்கும் அது போதும், யாருக்கும் வித்தியாசமே தெரியாது. கேமில் மட்டும் பாதி வழி அடைத்துக் கிடக்கும். இரண்டாவது ஸ்லாட்டிலும் ஒரு ஸ்டிக் போட்டால் 17 என்பது 34 ஜிபி ஆகிவிடும்.

கடையிலேயே இதைப் பார்த்துவிடலாம். டாஸ்க் மேனேஜரில் Memory பக்கத்தில் `Slots used: 1 of 2` என்று இருந்தால் ஒற்றை. பவர்ஷெல்லில் இன்னும் தெளிவாகத் தெரியும்:

```
Get-CimInstance Win32_PhysicalMemory | Select DeviceLocator, Capacity, Speed
```

ஒரே வரி வந்தால் ஒரு ஸ்டிக், இரண்டு வரி வந்தால் இரண்டு.

மருமகன் வாங்கியே விட்டான். (போன் செய்தது அனுமதி கேட்க அல்ல என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.) வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஜிடிஏ 5 போட்டோம். 1080p-இல் வண்டி திருப்பும்போதெல்லாம் படம் விட்டுவிட்டு வந்தது. 720p-க்கு இறக்கி, எல்லா செட்டிங்கையும் நார்மலில் வைத்ததும் 30 பிரேம் பக்கம் நின்றது. ஊருக்குள் கூட்டமான இடத்தில் 25-க்குச் சரிந்தது. அப்புறம் இன்னொரு 8 ஜிபி பழைய ஸ்டிக் வாங்கி, பின் மூடியைக் கழற்றிப் போட்டோம். அதே இடம், அதே செட்டிங், 40-ஐத் தாண்டியது. அதைவிட முக்கியம், அந்த நடுநடுவே வரும் உலுக்கல் நின்றது.

வழி இரட்டிப்பானபோது பிரேம் ஏன் இரட்டிப்பாகவில்லை என்று அவன் கேட்டான். நல்ல கேள்வி. வழி அகலமானதும் அடுத்த முட்டுக்கட்டை வெளியே தெரிகிறது, அது எச்டி 530-இன் கணக்குத் திறன். அதில் இருப்பது 24 கணக்கு அலகுகள், அவ்வளவுதான். இனி ரேமை என்ன செய்தாலும் அந்த எண்ணிக்கை கூடாது.

ஸ்டிக் வாங்கும்போது ஒரு விஷயம். 8-க்கு ஜோடியாக 4 ஜிபி போட்டால் வீண் இல்லை. இன்டெல் மெஷின்களில் 4-ம் 4-ம் ஜோடி சேர்ந்து இரட்டைச் சேனலில் ஓடும், மிச்ச 4 மட்டும் ஒற்றையில் இருக்கும். ஆனால் அந்தத் தலைமுறை மெஷின்களில் சில DDR3L ரேமில் வந்தவை. ஏற்கெனவே உள்ள ஸ்டிக்கின் ஸ்டிக்கரைப் படித்துவிட்டு வாங்குங்கள், வகை மாறினால் ஸ்லாட்டில் ஏறவே ஏறாது.

720p-க்கு இறக்கியதில் ஏன் அவ்வளவு லாபம்? 1080p திரையில் 20.7 லட்சம் புள்ளிகள், 720p-இல் 9.2 லட்சம். பாதிக்கும் குறைவு. ஒவ்வொரு புள்ளிக்கும் மெமரிப் போக்குவரத்தும் கணக்கும் உண்டு என்பதால் சுமை கிட்டத்தட்ட அதே விகிதத்தில் இறங்கும். 24 இஞ்ச் திரையில் படம் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும். இதையே சோதனையாகவும் வைத்துக்கொள்ளலாம்: ரெசல்யூஷனை இறக்கியும் பிரேம் ஏறவில்லை என்றால் தடை கிராபிக்ஸில் இல்லை, ப்ராசஸரில் இருக்கிறது.

"ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டால் என்ன?" என்பது அடுத்து எல்லோரும் கேட்பது. போட இடமில்லை. ஆல்-இன்-ஒன் என்பது ஸ்கிரீனுக்குப் பின்னால் விரித்து வைத்த லேப்டாப். டெஸ்க்டாப்பில் இருக்கும் நீளமான கார்டு ஸ்லாட் அதில் கிடையாது. பவர் சப்ளையும் ஸ்கிரீனையும் உள்ளே இருப்பதையும் தாங்கும் அளவுக்கு மட்டும் கணக்குப் போட்டது. எஸ்எஸ்டி போடும் M.2 ஸ்லாட்டிலிருந்து கேபிள் இழுத்து வெளியே கார்டு மாட்டுபவர்கள் இருக்கிறார்கள். அதற்கு அடாப்டர், தனி பவர் சப்ளை, கார்டு, பெரும்பாலும் தனி மானிட்டர் வேண்டும். அந்தக் காசுக்கு ஸ்லாட் உள்ள பழைய டவர் ஒன்றை முதலிலேயே வாங்கியிருக்கலாம். கேம்தான் முதல் நோக்கம் என்றால் என் யோசனையும் டவர்தான்.

கொஞ்சம் புதிய தலைமுறை வாங்கினால் தப்பிக்கலாமா? இங்கே பலர் ஏமாறுகிறார்கள். 2018-இன் ஐ5-8500-இல் கோர்கள் நாலிலிருந்து ஆறாகின. ஆனால் அதன் கிராபிக்ஸான யுஎச்டி 630-இலும் அதே 24 அலகுகள்தான். DDR4-2666 ரேமால் வழி கொஞ்சம் அகலம், அவ்வளவே. விண்டோஸ் 11-ஐ அதிகாரபூர்வமாக ஏற்பது இந்த எட்டாம் தலைமுறையிலிருந்துதான் என்பதற்காக வேண்டுமானால் கூடுதல் காசு கொடுக்கலாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. பழைய மெஷினில் விதியைச் சுற்றிப்போய் 11-ஐப் போட்டு விற்பவர்கள் உண்டு. அதில் எல்லாம் ஓடும், வாலரண்ட் ஓடாமல் போகலாம். ஏமாற்றி ஆடுபவர்களைத் தடுக்கும் அதன் ஆன்டி-சீட் மென்பொருள், விண்டோஸ் 11-இல் பாதுகாப்பு அம்சங்களான TPM 2.0-ஐயும் செக்யூர் பூட்டையும் கேட்கும், இல்லையென்றால் `VAN9001` என்று காட்டி நின்றுவிடும். இத்தனைக்கும் அந்த கேம் கிராபிக்ஸில் ரொம்பச் சாது, எச்டி 530-ஐவிடப் பழையதான எச்டி 4000-ஐயே குறைந்தபட்சத் தேவையாகச் சொன்ன கேம். கடையில் `tpm.msc` என்று தட்டி, Specification Version 2.0 இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கடைசியாகச் சூடு. மருமகனின் மெஷினில் ரேம் போட்டு இரண்டு வாரம் கழித்து ஒரு புகார் வந்தது: "முதல் பத்து நிமிஷம் நல்லா போகுது மாமா, அப்புறம் இழுக்குது." இந்த வரிசையைக் கேட்டாலே காரணத்தைச் சொல்லிவிடலாம். ப்ராசஸர் 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வெப்பநிலையைக் காட்டும் HWiNFO மென்பொருளைப் போட்டுப் பார்த்தோம், வெப்பநிலை 97-இல் நின்றது, `Thermal Throttling` வரியில் `Yes`. திறந்தால், விசிறிக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் கம்பளித் துண்டு போல ஒரு தூசிப் படலம். ப்ராசஸர் மேல் தடவிய பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தது. துடைத்துப் புது பேஸ்ட் வைத்ததும் 80-க்கு இறங்கியது. ப்ராசஸர் பெயர் 6500T என்று T-இல் முடிந்தால் இந்தச் சூடு குறைவாக இருக்கும், ஆனால் அது சாதாரண 6500 போல 65 வாட் அல்ல, 35 வாட்டுக்குள் வாழும் சிப். ப்ராசஸரும் கிராபிக்ஸும் அந்த 35-ஐப் பங்கு போட வேண்டியிருப்பதால் கனமான கேமில் கை கட்டியது போல இருக்கும்.

இப்போது அவன் ஓட்டுவது மைன்கிராஃப்ட், ஜிடிஏ 5, கொஞ்சம் பழைய கிரிக்கெட் கேம்கள். பெரிய பட்ஜெட்டில் வந்த புதிய ஏஏஏ கேம் ஒன்றை இறக்கிப் பார்த்தான், மெனுவே நகரவில்லை, அழித்துவிட்டான். அந்த மாடலின் பின்பக்கம் வெளியிலிருந்து படத்தை உள்ளே வாங்கும் ஒரு HDMI இன்புட் போர்ட் இருப்பதை நேற்றுத்தான் கவனித்தோம். சில ஆபீஸ் ஆல்-இன்-ஒன்களில் இது உண்டு, மெஷினை விட்டுவிட்டு ஸ்கிரீனை மட்டும் மானிட்டராக வைத்துக்கொள்ளலாம். பழைய கன்சோல் ஒன்று விலைக்கு வருகிறதா என்று தேட ஆரம்பித்திருக்கிறான்.