சூரியப் புள்ளிகளின் 11 ஆண்டு சுழற்சி: கடிகாரம் அல்ல, காந்தம்

சூரியனைப் பொதுமக்களுக்குக் காட்டும்போது தொலைநோக்கியின் பிம்பத்தை வெள்ளை அட்டையில் விழவைத்துத்தான் காட்டுவேன். உரிய வடிகட்டி இல்லாமல் தொலைநோக்கியில் கண்ணை வைத்தால் விழித்திரை நொடியில் கருகிவிடும். அட்டையில் கரும்புள்ளிகளைப் பார்த்ததும் பலர் கேட்பது இதுதான்: "2024-ல் இந்தப் புள்ளிகளின் உச்சம் வந்துவிட்டதே, இனி அடுத்த 11 ஆண்டுக்குச் சூரியப் புயல் பற்றிக் கவலை இல்லைதானே?"

கவலை உண்டு. புள்ளிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைகிறது என்பது உண்மைதான், ஆனால் அது கடிகாரம் அல்ல. ஏன் என்று புரிய, புள்ளிகள் எப்படி உண்டாகின்றன என்று பார்க்க வேண்டும்.

சூரியனின் உள்ளிருந்து கொதித்து மேலே வரும் வாயுதான் வெப்பத்தை மேற்பரப்புக்குக் கொண்டுவருகிறது. ஓரிடத்தில் காந்தப்புலம் மிக வலுவாக இருந்தால் அந்தக் கொதிப்பு அங்கே அடங்கிவிடும். சுற்றிலும் ஏறக்குறைய 5,500 டிகிரி செல்சியஸ் இருக்க, அந்த இடம் 3,500 டிகிரி அளவுக்குக் குளிர்ந்து கறுப்பாகத் தெரிகிறது. அதாவது கரும்புள்ளி என்பது காந்தப்புலம் உள்ளிருந்து வெளியே எட்டிப் பார்க்கும் இடம். 1908-ல் அமெரிக்க வானியலாளர் ஜார்ஜ் ஹேல் இதைக் கண்டறிந்தார்.

சரி, அந்தக் காந்தம் எங்கிருந்து வருகிறது? சூரியன் திடப்பொருள் அல்ல. நடுக்கோட்டுப் பகுதி சுமார் 25 நாளில் ஒருமுறை சுற்றுகிறது. துருவப் பகுதிக்கு 35 நாள் அளவு ஆகிறது. துருவத்துக்குத் துருவம் ஓடும் காந்தக் கோடுகளை இந்த வேக வித்தியாசம், கதிரில் நூல் சுற்றுவதுபோல, கிழக்கு மேற்காகச் சுற்றி இறுக்குகிறது. இறுகி வலுத்த புலம் வளையமாக மேலே எழும்பி, மேற்பரப்பை இரண்டு இடங்களில் துளைக்கிறது. அதனால்தான் புள்ளிகள் பெரும்பாலும் இணையாக வருகின்றன: ஒன்று வட முனை, மற்றது தென் முனை.

இந்த இணை சற்றுச் சாய்வாகவே அமைகிறது. சுழற்சியில் முன்னால் செல்லும் புள்ளி நடுக்கோட்டை ஒட்டியும், பின்னால் வருவது துருவத்தின் பக்கமும் இருக்கும். சில டிகிரி சாய்வுதான், ஆனால் முழுக் கதையும் அதில்தான் இருக்கிறது. புள்ளி சிதைந்தாலும் அதன் காந்தம் மேற்பரப்பில் பரவிக் கிடக்கும். வடபாதி, தென்பாதி இரண்டின் முன்புள்ளிகளும் எதிரெதிர் முனைகள் என்பதால் நடுக்கோட்டருகே ஒன்றையொன்று அழிக்கின்றன. மிஞ்சும் பின்புள்ளிக் காந்தத்தை, நடுக்கோட்டிலிருந்து துருவம் நோக்கி நொடிக்கு 10 முதல் 20 மீட்டர் வேகத்தில் நகரும் வாயு ஓட்டம் தள்ளிக்கொண்டு போகிறது. அது துருவத்தில் இருக்கும் பழைய காந்தத்துக்கு எதிரானது. கொஞ்சம் கொஞ்சமாக அதைக் கரைத்து, உச்சக் காலத்தை ஒட்டித் துருவங்களைத் தலைகீழாக்கிவிடுகிறது. அப்புறம் இந்தப் புதிய துருவப் புலம் வலுத்து, மறுபடி சுற்றப்பட்டு, அடுத்த சுழற்சியின் புள்ளிகளாகிறது. சுற்றி இறுக்குவதும் துருவத்துக்குச் சுமப்பதும் மெதுவான வேலைகள். அவற்றுக்குப் பிடிக்கும் நேரம்தான் அந்த 11 ஆண்டு. காந்த முனைகள் பழைய நிலைக்கே திரும்ப இரண்டு சுழற்சி, அதாவது 22 ஆண்டு ஆகும்.

இதை நீங்களே சரிபார்க்கலாம். சூரியனைக் கண்காணிக்கும் நாசா விண்கலமான SDO-வின் தளத்தில், காந்தப்புலத்தைக் காட்டும் HMI Magnetogram படத்தைத் திறந்து பாருங்கள். வெள்ளை ஒரு முனை, கறுப்பு எதிர்முனை. இப்போதைய 25-வது சுழற்சியில், வடபாதியின் இணைகளில் பெரும்பாலும் வலப்பக்கம், அதாவது முன்னால், வெள்ளை இருக்கும், தென்பாதியில் கறுப்பு. நடுக்கோட்டிலிருந்து வெகுதூரத்தில், 30 டிகிரி அளவில், இந்த வரிசை மாறிய இணை தென்பட்டால் அது அடுத்த சுழற்சியின் முதல் புள்ளியாக இருக்கலாம். ஒன்றிரண்டு புள்ளிகள் விதிவிலக்காக மாறிப் பிறப்பதும் உண்டு என்பதால், ஒன்றை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது. பழைய சுழற்சியின் கடைசிப் புள்ளிகள் நடுக்கோட்டருகே இருக்கும்போதே புதியவை அதிலிருந்து தள்ளித் தோன்றிவிடும். மாத சராசரிகளைச் சமன்படுத்திய பிறகே தொடக்கம் உறுதியாகும். 25-வது சுழற்சி 2019 டிசம்பரில் தொடங்கியது என்ற அறிவிப்பே 2020 செப்டம்பரில்தான் வந்தது.

சாய்வு தற்செயலாக மாறுபடுவதால், ஒரு பெரிய புள்ளிக் கூட்டம் தவறான கோணத்தில் பிறந்தாலே துருவத்துக்குப் போகும் காந்தம் குறைந்துவிடும். எனவே சுழற்சிகள் 9 முதல் 14 ஆண்டு வரை நீள்கின்றன, உயரத்திலும் வேறுபடுகின்றன. 25-வது சுழற்சியின் உச்சத்தில் புள்ளி எண் 115 என்று நிபுணர் குழு 2019-ல் கணித்தது. நிஜத்தில் அது 160-ஐத் தொட்டது.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். உச்சம் கடந்ததும் புள்ளிகளின் எண்ணிக்கைதான் குறைகிறது. எஞ்சும் ஒரு கூட்டத்தின் காந்தப்புலம் சிக்கலாக முறுக்கியிருந்தால், சூரியப் புயலைக் கிளப்ப அது ஒன்றே போதும். 23-வது சுழற்சியின் உச்சம் 2001-ல் முடிந்தது. ஆனால் 2003 அக்டோபர் 30 அன்று சூரியப் புயலால் சுவீடனின் மால்மோ நகரில் மின்சாரம் போனது. சில நாள் கழித்து, நவம்பர் 4 அன்று வந்த சுடர்வெடிப்பு செயற்கைக்கோளின் அளவுகருவியையே திணறடித்தது. செயற்கைக்கோள், மின்தொகுப்பு வேலையில் இருப்பவர்கள் விண்வெளி வானிலை எச்சரிக்கைகளை இறங்குமுக ஆண்டுகளிலும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.