ஐசோமெட்ரிக்: சொல் விளக்கம்

என் சித்தப்பா பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் கடைசல் பட்டறையில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றபின் அல்சூரில் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் என்னோடு வீடியோ கேம் விளையாட உட்காருவார். இன்றைய முப்பரிமாண விளையாட்டுகளில் இடது கட்டைவிரல் ஆளை நடத்த வேண்டும், வலது கட்டைவிரல் கேமராவைத் திருப்ப வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில். சித்தப்பாவுக்கு வலது விரல் அசைந்தால் இடது விரல் நின்றுவிடும். சில நொடிகளில் திரையில் வானமும் கூரை ஓடும் மட்டுமே தெரியும். அவருடைய வீரன் கீழே எங்கோ சுவரில் முட்டியபடி ஓடிக்கொண்டிருப்பான்.

அவருக்காக, ஐசோமெட்ரிக் என்ற குறிச்சொல் போட்டிருந்த விளையாட்டு ஒன்றைத் தேடி வாங்கினேன். மேலிருந்து சாய்வாகப் பார்க்கும் காட்சி; முதல் இரண்டு அறைகள் நன்றாகவே போயின. மூன்றாவது அறையில் ஒரு தூண் ஆளை மறைத்தது. கன்ட்ரோலரின் வலது குச்சியால் காட்சியைச் சுற்றினால்தான் கதவே தெரியும். சித்தப்பா கன்ட்ரோலரை என்னிடம் நீட்டிவிட்டுக் கேட்டார்: "ஐசோமெட்ரிக் என்றால் சம அளவு என்றுதானே அர்த்தம், தம்பி? கேமரா அசையாது என்று அதில் எங்கே சொல்லியிருக்கிறது?"

அவர் சொன்னதுதான் சரி. கிரேக்க மொழியில் ஐசோஸ் என்றால் சமம், மெட்ரான் என்றால் அளவு. நம் மாத்திரை என்ற சொல்லுக்கு மூலமான வடமொழி மாத்ராவும் மெட்ரானும் 'அள' என்னும் பொருளுடைய ஒரே பழைய வேரிலிருந்து வந்தவை. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் வில்லியம் ஃபாரிஷ் 1822இல் ஐசோமெட்ரிக் என்னும் படம் வரையும் முறையை விளக்கி ஒரு கட்டுரை எழுதினார். வகுப்பில் காட்டும் இயந்திர மாதிரிகளைக் கழற்றி வைத்து, அடுத்த முறை உதவியாளர்கள் மீண்டும் பூட்ட வேண்டும். எந்த உறுப்பு எங்கே பொருந்துகிறது என்று ஒரே படத்தில் தெரிய வேண்டும் என்பது அவருடைய தேவை.

ஒரு கனசதுரத்தை 45 பாகை திருப்பி, ஏறத்தாழ 35 பாகை மேலிருந்து பார்த்தால் நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்று திசைகளும் ஒரே விகிதத்தில் சுருங்கித் தெரியும். அதுதான் அந்தச் சம அளவு. தாளில் மூன்று கோடுகளுக்கும் இடையே 120 பாகை இருக்கும். தரைக் கோடுகள் கிடைக்கோட்டுக்கு 30 பாகை சாய்ந்திருக்கும். அதனால் பட்டறைக்காரர்கள் 30 பாகை மூலைமட்டத்தை வைத்தே வரைந்துவிடுவார்கள். தூரத்தில் இருப்பது சிறுத்துத் தெரிவதும் இதில் இல்லை. கடைசி அறையில் நிற்கும் பூதமும் அருகில் நிற்கும் பூதமும் ஒரே அளவுதான்.

விளையாட்டுகளுக்குள் வந்தபோது இந்தச் சொல் கொஞ்சம் தளர்ந்தது. 30 பாகைக் கோட்டைப் பழைய திரையில் புள்ளி புள்ளியாக வரைந்தால் படிகள் ஒழுங்கில்லாமல் வரும். பக்கவாட்டில் இரண்டு புள்ளி, மேலே ஒரு புள்ளி என்று வைத்தால் படி சீராக வரும். அகலம் 64, உயரம் 32 என்ற வைர வடிவத் தரைக்கட்டம் அப்படிப் பிறந்ததுதான். அந்தக் கோட்டின் சாய்வு 30 பாகை இல்லை, ஏறத்தாழ 26.6 பாகை. கணக்குப்படி இரண்டு திசைகளுக்கு மட்டுமே சம அளவு. ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு மேலிருந்து சாய்வாகப் பார்க்கும் எதற்கும் அதே பெயராயிற்று, கேமரா சுழல்கிற விளையாட்டுகளுக்கும்கூட. நான் ஏமாந்த இடம் இதுதான்.

கேமராவுக்கு வருவோம். லத்தீனில் அது அறை. இருட்டறையின் துளை வழியே எதிர்ச்சுவரில் விழும் படத்திலிருந்து புகைப்படக் கருவிக்குப் பெயர் வந்தது. விளையாட்டில் அறையும் இல்லை, கருவியும் இல்லை. எங்கிருந்து எந்தப் பக்கமாகப் பார்க்கிறோம் என்பது மட்டுமே இருக்கிறது. இதற்கு ஒளிப்படக் கருவி என்று எழுதுவது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. நோக்கு என்ற சொல் போதும். கேமரா ஆட்டக்காரரின் கைக்கு வராத விளையாட்டை நிலைநோக்கு என்றும், வலது குச்சியால் சுற்றுவதைச் சுழல்நோக்கு என்றும், ஐசோமெட்ரிக்கைச் சம அளவு நோக்கு என்றும் சொல்லலாம். சமமாத்திரை என்றும் யோசித்தேன். இன்று மாத்திரை என்றால் மருந்துக் கடைதான் நினைவுக்கு வருகிறது, அதனால் விட்டுவிட்டேன்.

இப்படிப் பிரித்தால் சித்தப்பாவின் சிக்கல் தெளிவாகிறது. அவருக்கு வேண்டியது நிலைநோக்கு. அது சம அளவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். 2020இல் முழுமையாக வெளிவந்த ஹேடீஸ் சாய்வுக் காட்சிதான். நோக்கு ஆளைத் தொடருமே தவிரத் திரும்பாது. 1996இல் வந்த முதல் ரெசிடென்ட் ஈவில் சம அளவே இல்லை, ஆனாலும் நிலைநோக்கு. ஒவ்வொரு அறையிலும் மூலையில் பொருத்தியதுபோல ஒரு கோணம். ஆள் ஓர் எல்லையைத் தாண்டியதும் வேறு கோணத்துக்கு வெட்டும். வெட்டும்போது திசை குழம்பாதிருக்க, அதில் மேல் பொத்தானுக்கு எப்போதும் 'ஆளின் முகம் நோக்கும் பக்கம் நட' என்பதே பொருள். பழக ஒரு மணி நேரம் பிடிக்கும். ஆனால் கேமராவுக்கென்று ஒரு விரல் தேவையே இல்லை.

சம அளவு நோக்குக்கு அதற்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. தூரம் சிறுக்காததால், உயரத்தில் இருப்பதும் தொலைவில் இருப்பதும் திரையில் ஒரே இடத்தில் விழும். மிதக்கும் பலகை பக்கத்தில் உயரமாக இருக்கிறதா, அப்பால் தாழ்வாக இருக்கிறதா என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. தரையில் விழும் நிழலைப் பார்க்க வேண்டும். 2014இல் வந்த மான்யுமென்ட் வேலி இந்தக் குழப்பத்தையே புதிராக்கியது. தாவிக் குதிப்பது அதிகமுள்ள சம அளவு விளையாட்டில் கேமராத் தொல்லை தீர்ந்தாலும் இந்தத் தொல்லை மிஞ்சும். நடப்பதும் அடிப்பதுமாகத் தரையிலேயே இருப்பவற்றில் அது பெரும்பாலும் தலைகாட்டாது.

இன்னொன்று, திசை. தரைக் கோடுகள் சாய்ந்திருக்க, குச்சியை நேர் மேலே தள்ளினால் ஆள் எந்தக் கோட்டில் போவான்? 1982இல் வந்த கியூபெர்ட் என்ற காசு போட்டு ஆடும் விளையாட்டு இயந்திரத்தில் கைப்பிடியையே 45 பாகை திருப்பிப் பொருத்தியிருந்தார்கள். கை தள்ளும் திசையிலேயே கனசதுரங்கள் அடுக்கியிருக்கும். இன்றைய விளையாட்டுகளில் திரையின் மேல் பக்கமே மேல் என்று வைத்துவிடுவதால் இது பெரும்பாலும் சிக்கலாவதில்லை.

இப்போது வாங்குவதற்கு முன் குறிச்சொல்லை நம்புவதில்லை. வெட்டி ஒட்டாத விளையாட்டுக் காணொளி ஒன்றைப் பத்து நிமிடம் ஓட விடுகிறோம். சித்தப்பா தன் பழைய மூலைமட்டத்தைத் தொலைக்காட்சித் திரையில் ஒரு சுவர் விளிம்போடு சேர்த்து வைப்பார். அறை மாறினாலும் அதே திசையில் ஓடும் விளிம்புகள் அதே சாய்வில் இருந்தால் நிலைநோக்கு. ஆள் நகரும்போது சாய்வு கொஞ்சம் மட்டும் மாறினால், தூரம் சிறுக்கும் வகை, அதுவும் சரிதான். விளிம்பு மட்டத்தைக் கடந்து சுழன்று போனால் "இது வேண்டாம்" என்பார். போன வாரம் பார்த்த மூன்றில் இரண்டு வேண்டாதவை. மூன்றாவதில் இப்போது ஏழாவது அறையில் இருக்கிறார்.