42 டிகிரியில் ஒரு நெரிசல்: வானவில் ஏன் வளைகிறது?

"சாயங்காலம் என்றால் கிழக்கே தெரிகிறது, காலையில் என்றால் மேற்கே. சூரியனுக்குப் பக்கத்தில் வானவில் வந்து நான் பார்த்ததே இல்லை. அதுவும் ஏன் எப்போதும் வில்லாகவே வளைகிறது? நேராக ஒரு பட்டையாக வந்தால் என்ன?" மகனுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும்போது எழுந்த சந்தேகம் என்று தென்காசியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். நிறங்கள் எப்படிப் பிரிகின்றன என்று எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். வளைவைப் பற்றிக் கேட்டால் பேச்சு மாறிவிடுகிறது என்பது அவருடைய குறை. நியாயமான குறைதான்.

நமக்குத் தெரிந்த பகுதியை முதலில் கடந்துவிடலாம். சூரிய ஒளி மழைத்துளிக்குள் நுழையும்போது விலகுகிறது. துளியின் பின்சுவரில் பட்டு எதிரொளிக்கிறது. வெளியேறும்போது மறுபடி விலகுகிறது. ஒவ்வொரு நிறமும் சற்றே வேறு கோணத்தில் விலகுவதால் நிறங்கள் பிரிகின்றன.

இந்த இடத்தில் ஒரு தவறை மட்டும் திருத்தியாக வேண்டும். பின்சுவரில் நடப்பது "முழு அக எதிரொளிப்பு" என்று பல கையேடுகளில் அச்சாகியிருக்கிறது. அது சரியல்ல. நீரிலிருந்து காற்றுக்கு வரும் ஒளி முழுவதுமாக எதிரொளிக்க வேண்டுமானால், அது சுமார் 48.6 டிகிரிக்கு மேற்பட்ட சாய்வில் சுவரைத் தொட வேண்டும். வானவில்லை உண்டாக்கும் கதிரோ சுமார் 40 டிகிரியில்தான் தொடுகிறது. துளி உருண்டையாக இருப்பதால், உள்ளே போன கதிர் எந்தச் சாய்வில் முதல்முறை சுவரைத் தொடுகிறதோ, அதே சாய்வில்தான் அடுத்த முறையும் தொடும். அங்கே முழு அக எதிரொளிப்பு நடக்குமானால் அந்தக் கதிர் துளியை விட்டு வெளியே வரவே முடியாது. உண்மையில் பின்சுவரில் 100 பங்கு ஒளி பட்டால் 90 பங்குக்கு மேல் பின்பக்கமாக வெளியேறிப் போய்விடுகிறது. மிச்சமாகத் திரும்பும் ஆறு பங்கு அளவிலான ஒளியில்தான் நாம் பார்க்கும் வானவில் உருவாகிறது.

இனி இந்தக் கட்டுரையின் உயிரான இடத்துக்கு வருவோம். ஒரு மழைத்துளியின் மேல் ஒரே ஒரு கதிர் விழுவதில்லை. துளியின் நடுவிலிருந்து விளிம்பு வரை எங்கும் கதிர்கள் விழுகின்றன. ஒவ்வொன்றும் வேறு வேறு திசையில்தான் திரும்புகிறது. அப்படியானால் திரும்பும் ஒளி எல்லாப் பக்கமும் சிதறி, வானம் பொதுவாக வெளிறித் தெரிய வேண்டியதுதானே? குறிப்பிட்ட ஓர் இடத்தில் பளிச்சென்று ஒரு கோடு எங்கிருந்து வருகிறது?

பிரெஞ்சு அறிஞர் ரெனே தெகார்த் 1637இல் வெளியிட்ட விடை இதற்குத்தான். அவர் செய்தது பொறுமையான கணக்கு. துளியின் வெவ்வேறு இடங்களில் விழும் கதிர்களை ஒவ்வொன்றாக எடுத்து, அது எந்தக் கோணத்தில் வெளியேறும் என்று கண்டுபிடித்துப் பட்டியல் போட்டார். அதே கணக்கை நாமும் போட்டுப் பார்க்கலாம். நீரின் விலகல் எண்ணை 4/3 என்று வைத்துக்கொள்வோம். துளியின் நடுவை 0 என்றும் விளிம்பை 10 என்றும் குறிப்போம். வந்த வழியே நேராகச் சூரியனை நோக்கித் திரும்பும் கதிரின் கோணம் 0 டிகிரி.

நடுவில் விழும் கதிர் வந்த வழியே திரும்புகிறது. 1 என்ற இடத்தில் விழுவது 6 டிகிரி விலகித் திரும்புகிறது. 2இல் விழுவது 11 டிகிரி, 3இல் 17, 4இல் 23, 5இல் 28, 6இல் 33 டிகிரி. இதுவரை ஏறக்குறைய ஒரே சீரான ஏற்றம். ஒளி விசிறிபோல் பரவுகிறது. 7இல் 38 டிகிரி, 8இல் 41 டிகிரி. ஏற்றம் தளர்கிறது. எட்டரையைத் தாண்டிய ஓர் இடத்தில் 42 டிகிரியைத் தொடுகிறது. அதற்கு மேல் ஏற்றமே இல்லை! 9இல் விழும் கதிர் 41.5 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ஒன்பதரையில் 38, கடைசி விளிம்பில் 14.

இந்த எண்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு இன்னொரு முறை பாருங்கள். நடுப்பகுதியில் 0 முதல் 1 வரை விழுந்த ஒளி 6 டிகிரி அகலத்துக்குப் பரவிப் போயிற்று. ஆனால் 8 முதல் 9 வரை விழுந்த ஒளி முழுவதும் ஒரே ஒரு டிகிரிக்குள் அடைபட்டு நிற்கிறது. மேலே எறிந்த பந்து திரும்பி விழுமுன் உச்சியில் தயங்கி நிற்கிறதே, அதுபோலக் கோணமும் 42இல் ஏறி, தயங்கி, இறங்குகிறது. அந்தத் தயக்கத்தில் கதிர்கள் நெருக்கியடித்துக்கொண்டு ஒரே திசையில் வெளியேறுகின்றன. வானவில்லின் ஒளி அந்த நெரிசலின் ஒளி. எனக்கு ஒளியியலில் இதைவிடப் பிடித்த கணக்கு வேறு கிடையாது. மழைத்துளிக்குள் லென்ஸும் இல்லை, சல்லடையும் இல்லை. உருண்டை வடிவமும் ஒளிவிலகல் விதியும் சேர்ந்து தாமாகவே ஒரு திசையைத் தேர்ந்தெடுத்துக்கொள்கின்றன.

நிறத்துக்கு நிறம் இந்த உச்சக் கோணம் சற்றே மாறும். சிவப்புக்குச் சுமார் 42.4 டிகிரி, ஊதாவுக்குச் சுமார் 40.6 டிகிரி. அதனால்தான் சிவப்பு வெளிப்பக்கம் நிற்கிறது. வில்லுக்கு உட்புறத்தில் எல்லா நிறங்களின் பரவிய கதிர்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வெண்மையாகிவிடுகின்றன. 42க்கு மேலேயோ ஒரு முறை எதிரொளித்த ஒளி எதுவும் வருவதில்லை. அடுத்த முறை நல்ல வானவில் தோன்றினால் நிறங்களை விட்டுவிட்டு அதன் இருபக்கமும் பாருங்கள். உட்புற வானம் வெளுத்தும் வெளிப்புற வானம் இருண்டும் இருக்கும். சில வேளைகளில் அந்த இருட்டுக்கு அப்பால், சுமார் 51 டிகிரியில், நிறவரிசை தலைகீழான இரண்டாவது வில் ஒன்று மங்கலாகத் தெரியும். அது துளிக்குள் இருமுறை எதிரொளித்த ஒளி.

இப்போது வாசகியின் கேள்விக்கு விடை எளிது. நெரிசல் இருக்கும் திசை, சூரியனை நோக்கித் திரும்பும் திசையிலிருந்து 42 டிகிரிதான் விலகியிருக்கிறது. அதாவது அந்த ஒளி ஏறக்குறைய வந்த பக்கமே திரும்புகிறது. அது உங்கள் கண்ணில் பட வேண்டுமானால் நீங்கள் சூரியனுக்கும் மழைக்கும் இடையில், சூரியனுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். சூரியனிலிருந்து உங்கள் தலை வழியாக ஒரு நேர்க்கோடு போட்டால், அது தரையில் உங்கள் தலையின் நிழலில் போய் முட்டும். சூரியக் கதிர்கள் அனைத்தும் இந்தக் கோட்டுக்கு இணையானவை. எனவே ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்ற பள்ளிக்கூட விதிப்படி, இந்தக் கோட்டிலிருந்து 42 டிகிரி விலகி உங்கள் கண்ணுக்குத் தெரியும் துளிகள்தாம் உங்களுக்குச் சிவப்பை அனுப்ப முடியும். அது மேலே 42 டிகிரியாக இருக்கலாம், இடப்பக்கம் 42 டிகிரியாக இருக்கலாம், வலப்பக்கமாகவும் இருக்கலாம். ஒரு கோட்டைச் சுற்றி ஒரே கோணத்தில் விலகிய திசைகளை எல்லாம் சேர்த்தால் கிடைப்பது ஒரு கூம்பு. கூம்பின் முனை உங்கள் கண். அதன் வாய் வட்டம். அந்த வட்டத்தில் தரைக்கு மேலிருக்கும் பகுதியே வில்லாகத் தெரிகிறது.

எந்தத் துளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது இதில் பொருட்டே அல்ல. விழுந்துகொண்டிருக்கும் துளி அந்தக் கோணத்தைக் கடக்கும் கணத்தில் மட்டும் சிவப்பைத் தந்துவிட்டு விலக, அடுத்த துளி அந்த இடத்துக்கு வருகிறது. உங்கள் பக்கத்தில் நிற்பவருக்கு வேறு கண், வேறு கூம்பு, வேறு துளிகள். வானவில்லைத் துரத்திப் பிடிக்க முடியாமல் போவதும் இதனால்தான். நீங்கள் நகர்ந்தால் கூம்பும் கூடவே நகர்கிறது. வட்டத்தின் கீழ்ப்பாதியைத் தரை மறைக்காவிட்டால் முழு வட்டமே தெரியும். விமானத்திலிருந்து சிலர் அப்படிப் பார்த்திருக்கிறார்கள். தோட்டத்துக் குழாயில் நீரைத் தூவிப் பார்த்தால், கைக்கெட்டும் தூரத்தில் நாமே பார்த்துவிடலாம்.

வட்டத்தின் மையம் தலைநிழல் என்று தெரிந்துவிட்டால், எந்த நேரத்தில் வானவில்லை எதிர்பார்க்கலாம் என்றும் சொல்லிவிடலாம். சூரியன் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு அந்த மையம் அடிவானத்துக்குக் கீழே இறங்கும். சூரியன் 42 டிகிரிக்கு மேலே போனால் வட்டம் முழுவதும் தரைக்குள் போய்விடும். சென்னையை எடுத்துக்கொள்வோம். மார்ச், செப்டம்பர் மாதங்களின் மூன்றாம் வாரத்தில், பகலும் இரவும் சமமாக இருக்கும் நாட்களில், பிற்பகல் சுமார் மூன்றேகால் மணிக்குத்தான் சூரியன் 42 டிகிரிக்கு இறங்குகிறது. டிசம்பர் கடைசியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் இரண்டேகால் மணி வாக்கிலேயே இறங்கிவிடும். ஆனால் அந்த மாதத்திலும் உச்சிவேளையில் அது 53 டிகிரிக்கு மேல் நிற்கிறது. ஆகவே தரையில் நிற்கும் சென்னைவாசி நண்பகலில் மழையின் வானவில்லைப் பார்க்க வழியே இல்லை. லண்டனில் டிசம்பர் நண்பகலில்கூடச் சூரியன் 15 டிகிரி உயரத்தில்தான் இருக்கும் என்பதால், அங்கே மதியச் சாப்பாட்டு வேளையிலும் வானவில் வரலாம். வெயிலும் மழையும் சேர்ந்தால் காக்காவுக்கும் நரிக்கும் கல்யாணம் என்போம். அந்தக் கல்யாணம் நடுப்பகலில் நடந்தால் வில்லைத் தேடி வெளியே ஓட வேண்டாம்; நாலு மணிக்கு நடந்தால் உடனே கிழக்கே திரும்புங்கள்.

இதையெல்லாம் வானத்துக்காகக் காத்திருக்காமல் வகுப்பறையிலேயே காட்டலாம். 1300களின் தொடக்கத்தில் பாரசீகத்தில் கமாலுத்தீன் அல்-ஃபாரிஸியும், ஐரோப்பாவில் ஃப்ரைபெர்க் நகரத்துத் தியோடரிக்கும், ஒருவரை ஒருவர் அறியாமலே, நீர் நிரப்பிய கண்ணாடி உருண்டையை ஒரு பெரிய மழைத்துளியாகப் பாவித்து ஆராய்ந்தார்கள். நம் பள்ளிகளின் வேதியியல் ஆய்வகத்தில் அதே உருண்டைக் குடுவை இருக்கிறது. பல இடங்களில் பூட்டிய அலமாரிக்குள், உடைந்துவிடும் என்ற பயத்தில். ஒரு குடுவையின் விலைக்குப் பயந்து ஒரு தலைமுறைக்கு ஒளியியலைப் படமாக மட்டுமே காட்டுவது எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை.

கிழக்குப் பார்த்த ஜன்னலும் காலை வெயிலும் போதும். ஒரு முழு வெள்ளை சார்ட் அட்டையின் நடுவில் குடுவையின் அளவுக்கு வட்டத் துளை வெட்டி, அதை ஜன்னலில் ஒட்டுங்கள். மற்ற வெளிச்சத்தை அடைத்துவிடுங்கள். 10 செ.மீ. விட்டமுள்ள குடுவையில் நீர் நிரப்பி, துளை வழியாக வரும் ஒளி அதன்மேல் முழுமையாக விழும்படி அறைக்குள் 20 செ.மீ. தள்ளிப் பிடியுங்கள். அட்டையின் உட்பக்கத்தில், துளையைச் சுற்றிச் சுமார் 24 செ.மீ. ஆரத்தில் மங்கலான ஒரு நிறவளையம் விழும். வெளி விளிம்பு சிவப்பு, உள்ளே வெளிறிய வெண்மை, சிவப்புக்கு அப்பால் இருட்டு. இப்போது ஒரு மாணவரை விட்டு, ஒரு ரூபாய் நாணயம் ஒன்றைக் குடுவைக்கு முன்னால் வெயில் படும் பக்கத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். குடுவையின் நடுவை மறைத்தால் வளையத்துக்கு ஒன்றும் ஆகாது. நாணயத்தை மெல்ல விளிம்பை நோக்கி நகர்த்தி, எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடைப்பட்ட அந்த இடத்தை மறைத்ததும், வளையத்தின் எதிர்ப்பக்கத்தில் ஒரு துண்டு காணாமல் போகும்.